சனிக்கிழமை விழுந்த வால்: பிட்காயின் வரைபடத்தில் வார இறுதிச் சரிவுகளைப் படிப்பது

பிட்காயின் சந்தைக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் யாரோ விற்கிறார், யாரோ வாங்குகிறார். ஆனால் இந்தச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கும் பெரும் பணத்துக்கு விடுமுறை உண்டு. பெரிய நிறுவனங்கள் ஃபியூச்சர்ஸ் வர்த்தகம் செய்யும் சிகாகோவின் சிஎம்இ சந்தை, 2017 டிசம்பரில் பிட்காயின் ஒப்பந்தங்களைத் தொடங்கியது முதல், வெள்ளிக்கிழமை மாலை அங்கே 4 மணிக்கு மூடி ஞாயிறு மாலை 5 மணிக்குத் திறக்கும் வழக்கத்தில்தான் இயங்கிவந்தது. குளிர்கால இந்திய நேரக் கணக்கில் இது சனி அதிகாலை மூன்றரை மணி முதல் திங்கள் அதிகாலை நாலரை மணி வரை. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் வந்த ஸ்பாட் பிட்காயின் இடிஎஃப்களும் அங்கத்திய பங்குச் சந்தை திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே கைமாறுகின்றன. வங்கிகள் வழியே பெரிய டாலர் தொகைகளை அனுப்புவதும் வார இறுதியில் நின்றுபோகிறது. கிரிப்டோ தரவு நிறுவனமான கைகோவின் கணக்குப்படி, மொத்த பிட்காயின் வர்த்தகத்தில் சனி, ஞாயிறின் பங்கு 2019-இல் 28 சதவீதமாக இருந்தது. 2024-இல் 16 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நிறுவனங்கள் அதிகம் வர வர, வார இறுதி இன்னும் வெறிச்சோடுகிறது.

சந்தை மெலிந்திருக்கிறது என்றால் என்ன பொருள் என்பதை ஆர்டர் புக்கை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். எந்த விலைக்கு எத்தனை காயின் வாங்க ஆள் காத்திருக்கிறார், எந்த விலைக்கு எத்தனை விற்கக் காத்திருக்கிறார் என்று அடுக்கடுக்காக எழுதிவைத்த பட்டியல் அது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, விலை 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வார நாளில் 50,000-க்கும் 49,500-க்கும் இடையே வாங்குவோரின் ஆர்டர்கள் மொத்தம் 400 காயினுக்குக் குவிந்திருக்கின்றன. சனிக்கிழமை அதே இடைவெளியில் 150 காயினுக்கு மட்டும்தான் இருக்கின்றன. இப்போது ஒருவர் 200 காயினை உடனே விற்றாக வேண்டும். வார நாளில் அந்த அடுக்குகளில் பாதி கரைவதோடு சமாளித்துவிடலாம், விலை அரை சதவீதத்துக்கு மேல் அசையாது. சனிக்கிழமை மொத்த 150-உம் தீர்ந்து, மீதி 50 காயினுக்கு 49,500-க்குக் கீழே ஆள் தேட வேண்டியிருக்கும். விற்ற அளவு ஒன்றுதான், வரைபடத்தில் விழும் கோடு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது.

அந்த அடுக்குகளை நிரப்பிவைப்பவர்கள் பெரும்பாலும் மார்க்கெட் மேக்கர்கள். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லி, இடையிலுள்ள சில்லறை வித்தியாசத்தில் பிழைப்பவர்கள் இவர்கள். ஒரு சந்தையில் வாங்க நேர்ந்தால் இன்னொன்றில் உடனே விற்று ஆபத்தைக் கைகழுவுவது இவர்கள் வழக்கம். சிகாகோ மூடியிருக்கும்போது அந்த இன்னொரு சந்தைகளில் முக்கியமான ஒன்று இல்லாமல் போகிறது. ஒரு சந்தையில் டாலர் தீர்ந்துவிட்டால் வங்கியிலிருந்து கொண்டுவந்து நிரப்பவும் வழியில்லை. முன்பு சில்வர்கேட், சிக்னேச்சர் என்ற இரண்டு அமெரிக்க வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்காகவே நாள் முழுதும், விடுமுறையிலும், டாலரை மாற்றித் தரும் வலையமைப்பை நடத்தின. 2023 மார்ச்சில் இரண்டும் நின்றுபோயின. ஆகவே வார இறுதியில் மார்க்கெட் மேக்கர்கள் குறைந்த அளவுக்கே ஆர்டர் போடுகிறார்கள், அதையும் விலையிலிருந்து தள்ளியே போடுகிறார்கள்.

இதில் ஏமாற்றும் சங்கதி ஒன்று உண்டு. மெலிவு மட்டும் விலையைச் சாய்ப்பதில்லை. பெரும்பாலான சனி, ஞாயிறுகளில் வரைபடத்தில் சின்னச் சின்ன கேண்டில்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஒன்றுமே நடக்காது. பெரிதாக வாங்கவும் ஆளில்லை, விற்கவும் ஆளில்லை என்பதால் வரும் அமைதி அது. விற்றே ஆக வேண்டிய கட்டாயத்தில் ஒருவர் வந்து நிற்கும்போதுதான் மெலிவு தெரியவருகிறது. அப்படிக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு லெவரேஜ்.

கிரிப்டோவில் லெவரேஜ் பெரும்பாலும் பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ் என்ற ஒப்பந்தத்தின் வழியே வருகிறது. பிட்மெக்ஸ் சந்தை 2016-இல் அறிமுகப்படுத்திய இந்த ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. மாதக் கடைசியில் எக்ஸ்பைரி என்ற கணக்குத் தீர்ப்பு இல்லாததால், ஒப்பந்தத்தின் விலை உண்மையான பிட்காயின் விலையை விட்டு எங்கோ ஓடிப்போகக்கூடும். அதைக் கட்டிவைக்க ஃபண்டிங் என்ற சிறு கட்டணம் இருக்கிறது. ஒப்பந்த விலை ஸ்பாட் விலைக்கு மேலே நின்றால், லாங் வைத்திருப்பவர் ஷார்ட் வைத்திருப்பவருக்கு, பல சந்தைகளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பணம் தர வேண்டும். கீழே நின்றால் ஷார்ட் தரப்பு தர வேண்டும். வரைபடம் படிப்பவருக்கு இந்த ஃபண்டிங் பின்னால் மிகவும் உதவும்.

இனி 2021 டிசம்பர் 4, சனிக்கிழமைக்கு வருவோம். நவம்பர் 10 அன்று 69,000 டாலரை ஒட்டிய உச்சத்தைத் தொட்ட பிட்காயின் அதன்பின் இறங்குமுகமாக இருந்தது. ஒமிக்ரான் பற்றிய பயமும், அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தாராளப் பணப்புழக்கத்தைச் சீக்கிரமே குறைக்கப்போகிறது என்ற பேச்சும் பங்குச் சந்தைகளையும் சேர்த்தே அழுத்தின. வெள்ளிக்கிழமை விலை 57,600 வரை ஏறி, நாள் முடிவில் 53,600-க்கு இறங்கியது. மறுநாள், நியூயார்க்கில் நள்ளிரவு, இந்தியாவில் காலை பத்தரை மணியை ஒட்டிய நேரம், விலை சடசடவென்று சரிந்தது. பைனான்ஸ் சந்தையின் அன்றைய கேண்டில் 53,601 டாலரில் திறந்து, 42,000-ஐத் தொட்டு, 49,152-இல் மூடியது. திறந்த விலைக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 21 சதவீதத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி ஒரே மணி நேரத்துக்குள் நடந்து முடிந்தது. எல் சால்வடார் அதிபர் நயிப் புகேலே, நாட்டுக்காக 150 பிட்காயினைச் சராசரி 48,670 டாலருக்கு வாங்கியதாக அன்றே அறிவித்தார். அந்த விலையே அடிமட்டத்தைவிட ஆறாயிரம் டாலருக்கு மேல் உயரம் என்பதைப் பார்த்தால், 42,000 எவ்வளவு சொற்ப நேரம் நின்ற விலை என்பது விளங்கும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை ஒரு கணக்கில் போட்டுப் பார்க்கலாம். அன்று 53,600 டாலரில் ஒரு பிட்காயின் லாங் வைத்திருந்தவர்களை எடுத்துக்கொள்வோம். இருபது மடங்கு லெவரேஜில் வாங்கியவர் கட்டிய மார்ஜின் 2,680 டாலர். சந்தை அந்தப் பணம் முழுதும் கரையும் வரை காத்திருக்காது; ஒப்பந்த மதிப்பில் அரை சதவீதமாவது, அதாவது 268 டாலராவது, கணக்கில் மீதி இருக்க வேண்டும் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2,412 டாலர் நஷ்டமானதும், ஏறக்குறைய 51,190-இல், அவர் பொசிஷனைச் சந்தையே பிடுங்கி விற்றுவிடும். இதுதான் லிக்விடேஷன். பத்து மடங்குக்காரருக்கு அந்த விலை சுமார் 48,510. ஐந்து மடங்குக்காரருக்குச் சுமார் 43,150. வரைபடத்தின் அடிமட்டம் 42,000 என்பதால், நிதானமாக ஐந்தே மடங்கோடு நின்றவரும் அன்று தப்பவில்லை. நான்கு மடங்கில் வாங்கியவரின் எல்லை 40,470-ஐ ஒட்டி இருந்திருக்கும்; அவர் மட்டும் பிழைத்தார். பத்து மடங்குக்காரரின் கதை இன்னும் கொடுமை. நாள் முடிவு விலை அவருடைய எல்லைக்கு மேலே இருக்கிறது. விலை எங்கே போய் நிற்கும் என்ற அவர் கணிப்பு தாங்கக்கூடிய அளவுக்குத்தான் தவறியிருந்தது, இடைவழியில் எவ்வளவு ஆழம் போகும் என்பதில்தான் முழுதாகத் தோற்றார்.

லிக்விடேஷன் ஒன்றையொன்று இழுத்து விழும் விதமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பிடுங்கப்பட்ட லாங் பொசிஷனை மூட வேண்டுமென்றால் விற்க வேண்டும். கிடைத்த விலைக்கு, காத்திராமல் விற்க வேண்டும். இருபது மடங்குக்காரர்களின் பொசிஷன்கள் 51,000-ஐ ஒட்டி விற்கப்படும்போது, மெலிந்த ஆர்டர் புக் அதைத் தாங்காமல் விலை இன்னும் இறங்குகிறது. அது அடுத்த அடுக்கிலிருப்பவரின் எல்லையைத் தொடுகிறது. அவருடையதும் விற்பனைக்கு வருகிறது. இதோடு, நஷ்டத்தைக் கட்டுப்படுத்தத் தாங்களாகவே ஸ்டாப்லாஸ் போட்டிருந்தவர்களின் ஆர்டர்களும் அதே விலைகளில் வெடிக்கின்றன. விலை இப்படி ஓடுவதைக் கண்ட மார்க்கெட் மேக்கர்கள் இருந்த கொஞ்சம் ஆர்டர்களையும் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். புதிதாக யாரும் ‘பிட்காயின் இந்த விலைக்குப் பெறாது’ என்று முடிவு செய்து விற்க வேண்டிய தேவையே இல்லை. தொடங்கிவைக்க ஒரு பெரிய விற்பனை போதும். கட்டாய விற்பனைக்கான எல்லைகள் தீர்ந்ததும் சரிவும் நிற்கிறது. ஆர்டர் புக்கில் ஆள் திரும்ப வருகிறார்கள், விலை பாதித் தூரம் ஏறிவிடுகிறது. வரைபடத்தில் இது கேண்டிலின் உடலுக்குக் கீழே தொங்கும் நீண்ட விக் ஆகப் பதிகிறது. டிசம்பர் 4-இன் கேண்டிலில் இந்த வாலின் நீளம் ஏழாயிரம் டாலருக்கு மேல்.

விலை இன்னும் வேகமாக ஓடினால் கணக்கு வேறொரு இடத்தில் உடைகிறது. பொசிஷனைப் பிடுங்கிய சந்தை, வர்த்தகரின் மார்ஜின் முழுதும் கரைந்த பிறகே அதை விற்க முடிகிறது என்றால், அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? முதலில் சந்தைகள் சேர்த்துவைத்திருக்கும் இன்ஷூரன்ஸ் ஃபண்ட் தாங்குகிறது. அதுவும் போதாதென்றால், எதிர்த்தரப்பில் லாபத்தில் இருப்பவர்களின் பொசிஷன்களை, அவர்கள் கேட்காமலேயே, சந்தை மூடிவிடுகிறது. ஏடிஎல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த ஏற்பாடு 2025 அக்டோபர் 10 அன்று பலருக்கு முதல்முறையாக அறிமுகமானது. வெள்ளிக்கிழமை நியூயார்க் பங்குச் சந்தை மூடிய பிறகு, இந்தியாவில் சனி அதிகாலை, சீனப் பொருள்களுக்குக் கூடுதலாக 100 சதவீத வரி என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். அன்று 1.22 லட்சம் டாலர் வரை இருந்த பிட்காயின் சில சந்தைகளில் 1.05 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. காயின்கிளாஸ் தளம் கணக்கிட்ட லிக்விடேஷன் எல்லா காயின்களுக்கும் சேர்த்து 1,900 கோடி டாலருக்கு மேல். சரியாகக் கணித்து ஷார்ட் வைத்திருந்தவர்களில் சிலரும் நடுவழியில் வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் செய்தி வார நாளின் நடுவே வந்திருந்தாலும் விலை விழுந்திருக்கும். வார இறுதியின் வாசலில் வந்ததால் வாங்கும் பக்கம் காலியாகக் கிடந்தது.

ஒரு நீண்ட வாலைப் பார்த்ததும் ‘இது லிக்விடேஷன் சரிவுதான்’ என்று சொல்லிவிடுவது சமூக ஊடகங்களில் இன்று அனிச்சையாகிவிட்டது. விலை வரைபடம் மட்டும் அதைச் சொல்லாது. அதற்குக் கீழே ஓபன் இன்ட்ரெஸ்டின் கோட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் மூடப்படாமல் இருக்கும் ஒப்பந்தங்களின் மொத்தம் அது. விலையும் ஓபன் இன்ட்ரெஸ்டும் சேர்ந்தே விழுந்தால், இருந்த பொசிஷன்கள் மூடப்படுகின்றன என்று பொருள். விலை விழும்போது ஓபன் இன்ட்ரெஸ்ட் ஏறினால், புதிதாக ஷார்ட் போட ஆள் வருகிறார்கள். அது கட்டாயத்தால் வந்த சரிவு அல்ல, யாரோ துணிந்து எடுத்த நிலைப்பாடு. இந்த இடத்தில் அனுபவசாலிகளும் தவறுவதுண்டு. பல தளங்கள் ஓபன் இன்ட்ரெஸ்டை டாலரில் காட்டுகின்றன. விலை 20 சதவீதம் விழுந்தால், ஒரு பொசிஷன்கூட மூடப்படாமலேயே டாலர் கணக்கு 20 சதவீதம் விழுந்துவிடும். ஆகவே எத்தனை பிட்காயின் அளவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்ற கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபண்டிங் இதற்குத் துணைச் சாட்சி. சரிவுக்கு முன் பல நாள்களாக ஃபண்டிங் உயர்ந்தே இருந்தால், லாங் பக்கம் கூட்டம் நெரிகிறது, பணம் கட்டியாவது அங்கே நிற்கிறார்கள் என்று அறியலாம். சரிவின்போது பெர்பெச்சுவல் விலை ஸ்பாட் விலைக்குக் கீழே போய், ஃபண்டிங் எதிர்மறையானால், விற்பனை ஃபியூச்சர்ஸ் பக்கத்திலிருந்துதான் பாய்கிறது என்று கொள்ளலாம். ஸ்பாட் விலை முன்னால் விழ, ஃபியூச்சர்ஸ் பின்தொடர்ந்தால் யாரோ உண்மையான காயினையே இறக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சரிவில் விலை அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை.

ஒரே ஒரு சந்தையின் வரைபடத்தை நம்புவதில் உள்ள ஆபத்தை 2021 ஜூலை 26 காட்டியது. அது தலைகீழ் நிகழ்வு. விழுந்தது ஷார்ட் பக்கம். ஷார்ட் பொசிஷனைக் கட்டாயமாக மூட வேண்டுமென்றால் வாங்கியாக வேண்டும் என்பதால், சங்கிலி மேல்நோக்கி ஓடும். அமேசான் நிறுவனம் கிரிப்டோ தெரிந்த ஒருவரை வேலைக்குத் தேடுகிறது என்ற விளம்பரத்தை வைத்து அந்த வார இறுதியில் கிளம்பிய ஊகங்களுக்குப் பின், ஞாயிறு 35,000 டாலரை ஒட்டி மூடிய விலை, திங்கள் காலை இந்தியா விழிக்கும் நேரத்தில் 39,000-ஐத் தாண்டியது. பைனான்ஸின் பெர்பெச்சுவல் ஒப்பந்தம் மட்டும் ஒரு கணம் 48,000-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பியது. வேறு எங்கும் அந்த விலையில் பிட்காயின் கைமாறவில்லை. இத்தகைய ஒற்றைச் சந்தை முள்ளிலிருந்து வர்த்தகரைக் காக்கத்தான், லிக்விடேஷனைக் கடைசியாகக் கைமாறிய விலையை வைத்துத் தீர்மானிக்காமல், பல சந்தைகளின் ஸ்பாட் விலையிலிருந்து எடுக்கும் மார்க் பிரைஸை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஆனால் ஸ்டாப்லாஸ் ஆர்டரைக் கடைசி விலையோடு கட்டிவைத்திருந்தவருக்கு அந்த முள் குத்தியிருக்கும். வரைபடத்தில் தெரிவது இவற்றில் எந்த விலை என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

லிக்விடேஷன் எண்ணிக்கைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சந்தைகள் வெளியிடும் நேரடித் தரவைக் கூட்டித்தான் தளங்கள் இந்தத் தொகைகளைக் காட்டுகின்றன. பைனான்ஸின் தரவு ஓட்டம் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நொடிக்கு ஒரு லிக்விடேஷன் ஆர்டரை மட்டுமே வெளியே விடுகிறது. சாதாரண நாளில் அது போதும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் விழும் நேரத்தில் பெரும்பகுதி கணக்கிலேயே வராது. எனவே மிகப் பெரிய சரிவுகளில்தான் இந்த எண் உண்மையிலிருந்து மிகவும் விலகி நிற்கிறது. எந்த விலையில் எவ்வளவு லிக்விடேஷன் காத்திருக்கிறது என்று மஞ்சள் பட்டைகளாகத் தீட்டிக்காட்டும் ஹீட்மேப்கள் இன்னும் ஒரு படி தள்ளி நிற்பவை. யார் எத்தனை மடங்கு லெவரேஜ் வைத்திருக்கிறார் என்பது வெளியே தெரியாது. வர்த்தக அளவையும் ஓபன் இன்ட்ரெஸ்டையும் வைத்து ஊகித்துத்தான் அந்தப் பட்டைகளை வரைகிறார்கள். நடுவில் ஒருவர் கூடுதல் மார்ஜின் கட்டியிருந்தால் அவருடைய எல்லை நகர்ந்திருக்கும், பட்டை மட்டும் பழைய இடத்திலேயே மின்னிக்கொண்டிருக்கும்.

வார இறுதி சரிவு விட்டுச்செல்லும் இன்னொரு தடயம் சிகாகோ வரைபடத்தில் இருக்கிறது. வெள்ளி மூடிய விலைக்கும் அடுத்து திறக்கும் விலைக்கும் இடையே ஒன்றும் வரையப்படாத வெற்றிடம் விழுகிறது. இதைத்தான் சிஎம்இ கேப் என்கிறார்கள். இந்த இடைவெளிக்குள் விலை எப்படியும் திரும்பி வரும், கேப் நிரம்பியே தீரும் என்பது வர்த்தகர்களிடையே வேதவாக்கு போல் உலவுகிறது. பல கேப்கள் சில நாள்களில் நிரம்புவது உண்மைதான். கட்டாய விற்பனையால் விழுந்த விலை பாதி திரும்புவது இயல்பு என்பதால் அதில் மர்மம் எதுவும் இல்லை. ஆனால் 2021 டிசம்பர் 4-க்கு முந்தைய வெள்ளியன்று சிகாகோ 53,000-க்கு மேல் மூடி, இந்திய நேரப்படி திங்கள் அதிகாலை 49,000-ஐ ஒட்டித் திறந்தது. அந்த டிசம்பர் இறுதியில் விலை 52,000 வரை ஏறிவந்து திரும்பிவிட்டது. பிறகு 2022-இன் பெரும் வீழ்ச்சி வந்தது. பிட்காயின் மீண்டும் 53,000-ஐப் பார்த்தது 2024 பிப்ரவரியில். நிரம்பியே தீரும் என்று காத்திருந்தவர் இரண்டு ஆண்டுக்கு மேல், அதுவும் 16,000-ஐ ஒட்டிய விலைகளைக் கடந்து, காத்திருந்திருக்க வேண்டும்.

கிரிப்டோ ஒப்பந்தங்களை வார இறுதியிலும் நடத்தப்போவதாக சிஎம்இ 2025 அக்டோபரில் அறிவித்தது. சந்தை மூடவே மூடாதென்றால் வரைபடத்தில் வெற்றிடம் விழ இடமில்லை. மார்க்கெட் மேக்கர்களுக்கும் ஆபத்தைக் கைமாற்ற ஓர் இடம் திரும்பக் கிடைக்கும். இடிஎஃப்கள் கைமாறும் பங்குச் சந்தையும், பெரிய டாலர் தொகைகளை நகர்த்தும் வங்கிகளும் மட்டும் வழக்கம்போல் வெள்ளி மாலையே பூட்டிக்கொள்ளும்.